மௌனமான நாற்பது நாள்கள்: அலைகேட்டு நேரம் திருத்தும் கைக்கடிகாரங்களின் வரலாறு

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒரு கைக்கடிகாரம். அதை யாரும் திருத்துவதில்லை. இரவில், உடையவர் உறங்கும்போது, தொலைவில் உள்ள ஒரு நிலையம் பரப்பும் நேரச் செய்தியைக் கேட்டு அது தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஜப்பானியர் இதனை ‘டென்பா டோகேய்’ என்பர். ‘மின்காந்த அலைக் கடிகாரம்’ என்பது அதன் பொருள். நாம் இங்கே சுருக்கமாக ‘அலைக்கடிகாரம்’ என்போம்.

இத்தகைய கடிகாரத்தை விற்போர், அது ஒரு நொடியும் பிசகாது என்பர். அக்கூற்று உண்மைதான், ஆனால் நேரச் செய்தி வந்துசேரும் வரையில்தான் உண்மை. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானின் கிழக்குப் பகுதியில் அச்செய்தி நாற்பது நாள்கள் நின்றுபோயிற்று. அப்போது கடிகாரங்கள் நிற்கவில்லை. எச்சரிக்கை ஒலி எழுப்பவுமில்லை. வழக்கம்போல் ஓடிக்கொண்டே சிறிது சிறிதாகப் பிழைபட்டன. அந்த நாற்பது நாள்களே இவ்வுரையின் மையம். அவற்றைப் புரிந்துகொள்ள, கடிகாரத்தின் உள்ளே இருப்பது என்ன, வெளியிலிருந்து வருவது என்ன என்று முதலில் பிரித்துக் காண வேண்டும்.

உள்ளே இருப்பது

அலைக்கடிகாரத்தின் உள்ளே அணுக் கடிகாரம் எதுவும் இல்லை. சாதாரணக் கடிகாரத்தில் உள்ள அதே குவார்ட்ஸ் படிகந்தான் அதிலும் உண்டு. மின்கலத்தின் தூண்டுதலால் அப்படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று கிடைக்கும். சுற்றமைப்பு அவ்வாறு வகுத்து, நொடிக்கு ஒரு துடிப்பை முள்ளுக்கு அனுப்புகிறது.

படிகத்தின் அதிர்வு வெப்பநிலைக்கேற்பச் சற்றே மாறும். ஆண்டுகள் செல்லச் செல்லவும் மாறும். ஆகவே, செய்தி கிடைக்காத நிலையில் மாதத்திற்கு 15 நொடிவரை முன்பின் ஆகலாம் என்று இவ்வகைக் கடிகாரங்களின் கையேடுகள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. நாளொன்றுக்கு அரை நொடி. பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஆறு பங்கு. மணிக்கட்டில் கட்டும் ஒரு பொருளுக்கு இது பெரும் பிழையன்று. ஆனால் இப்பிழை தானாகக் குறைவதில்லை. ஒரு திசையில் சாயத் தொடங்கிய கடிகாரம் பெரும்பாலும் அத்திசையிலேயே சாய்ந்துகொண்டிருக்கும். நாள்தோறும் ஒருமுறை திருத்தினால் பிழை அரை நொடியைத் தாண்டாது. ஓராண்டு திருத்தாமல் விட்டால் மூன்று நிமிடத்தை எட்டும்.

இவ்வாறு பார்க்கும்போது, அலைக்கடிகாரத்தின் துல்லியம் அதன் சொந்தச் சொத்தன்று. ஒவ்வோர் இரவும் வாங்கும் கடன். கடன் கொடுப்பவர் யார் என்பதே அடுத்த வினா.

வெளியிலிருந்து வருவது

நேரத்தை வானொலி அலைகளில் பரப்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு. கடலில் செல்லும் கப்பல்களுக்கே அது முதலில் தேவைப்பட்டது. கப்பலின் நேரங்காட்டி சரியாக இருந்தால்தான் தீர்க்கரேகையைக் கணிக்க முடியும். ஜப்பானில் ஜே.ஜே.ஒய் என்ற அழைப்புக்குறியுடன் சிற்றலை வரிசையில் 1940ஆம் ஆண்டில் இச்சேவை தொடங்கியது. அது மனிதச் செவிக்கும் அளவீட்டுக் கருவிக்கும் உரிய சேவை. ஒருவர் ஒலியைக் கேட்டு, கையால் கடிகாரத்தைத் திருத்த வேண்டும்.

கடிகாரமே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டுமானால், நொடியின் தொடக்கத்தை மட்டும் ஒலித்தால் போதாது. இது எந்த நாள், எத்தனையாவது மணி, எத்தனையாவது நிமிடம் என்பதும் எண்குறியாக வர வேண்டும். அத்தகைய மாற்றம் ஜெர்மனியில் தெளிவாகக் காணக் கிடைக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் நகருக்குத் தென்கிழக்கே மைன்ஃபிளிங்கன் என்ற ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 1959ஆம் ஆண்டு முதல் டி.சி.எஃப். 77 என்ற சேவை நடைபெற்றது. 1973ஆம் ஆண்டில் அதனுடன் தேதியும் நேரமும் எண்குறியாகச் சேர்க்கப்பட்டன. அதன்பின் சுவர்க்கடிகாரங்களும் மேசைக்கடிகாரங்களும் அதைக் கேட்கத் தொடங்கின. 1990ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யுங்ஹன்ஸ் நிறுவனம் ‘மெகா 1’ என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. கடிகாரத்தின் கூட்டுக்குள் அலைவாங்கிக்கு இடமில்லாததால், அதைத் தோல் வாருக்குள் தைத்திருந்தனர். 1993ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் முள் கடிகாரம் ஒன்றைக் கொணர்ந்தது. அது ஜப்பான், பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் செய்திகளையும் கேட்கவல்லது. அதன் அலைவாங்கி முகப்பின் நடுவே, முள்களுக்குக் குறுக்காக, வெளிப்படையாகவே தெரிந்தது.

ஜப்பானில் இக்கடிகாரங்கள் வீடுதோறும் பரவ இரு நிலையங்கள் காரணமாயின. முதல் நிலையம் 1999ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஃபுகுஷிமா மாநிலத்தின் ஓதகடோயா மலையில் தொடங்கப்பட்டது. அதன் அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ். இரண்டாவது நிலையம் 2001ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தென்மேற்கே கியூஷு தீவின் ஹகனே மலையில் 60 கிலோஹெர்ட்ஸில் தொடங்கப்பட்டது. பழைய சிற்றலைச் சேவை அதே ஆண்டின் மார்ச் மாதத்துடன் நிறுத்தப்பட்டது. தேசியத் தகவல், தொடர்பியல் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் இவ்விரு நிலையங்களையும் இன்று நடத்துகிறது. ஜப்பானின் சீர்நேரம் தோக்கியோவை அடுத்த கோகனேயில் உருவாகிறது. இரு மலைகளிலும் சீசியம் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அவை கோகனேயின் நேரத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன.

நாற்பது, அறுபது கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணை ஏன் தேர்ந்தனர்? இவ்வலைகள் நிலத்தைத் தழுவிச் செல்வன. மலையையும் கட்டடத்தையும் ஓரளவு சுற்றிவரக் கூடியன. சிற்றலையைப்போல் வானில் பட்டுத் திரும்பும்போது பெரிதும் தடுமாறுவதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7.5 கிலோமீட்டர். ஓதகடோயாவில் 250 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பியும் அது அலைநீளத்தில் முப்பதில் ஒரு பங்கே. அதனால் அலைபரப்பி 50 கிலோவாட் ஆற்றலைக் கோபுரத்திற்கு அளித்தாலும் ஏறத்தாழக் கால் பங்குதான் அலையாகப் பரவுகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மறுமுனையில் கைக்கடிகாரத்தினுள் இருப்பதோ விரற்கணு அளவுள்ள ஃபெரைட் தண்டும் அதன்மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். மலைமேல் அத்தனை பெரிய குரல் தேவைப்பட்டதற்கு மணிக்கட்டில் உள்ள இச்சிறிய செவியே காரணம்.

ஒரு நிமிடத்தின் செய்தி

ஜே.ஜே.ஒய் நிலையம் பேசும் மொழி மிக எளியது. நொடிக்கு ஒரு குறி. நிமிடத்திற்கு அறுபது குறிகள். ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை முழு அளவுக்கு உயர்கிறது. சற்று நேரங்கழித்துப் பத்தில் ஒரு பங்காகத் தாழ்கிறது. 0.8 நொடி உயர்ந்து நின்றால் அக்குறி சுழியம். 0.5 நொடி நின்றால் ஒன்று. 0.2 நொடி மட்டும் நின்றால் அது இடங்காட்டும் எல்லைக்குறி. இம்மூன்றைத் தவிர வேறு எழுத்து இம்மொழியில் இல்லை.

எடுத்துக்காட்டாக, நிமிடத்தின் எண் 46 என்று கொள்வோம். தொடக்க எல்லைக்குறிக்குப் பிந்திய எட்டு நொடிகள் நிமிட எண்ணுக்கு உரியவை. அவற்றில் முதல் மூன்றின் மதிப்பு முறையே 40, 20, 10. நான்காவது வெற்றிடம். கடைசி நான்கின் மதிப்பு 8, 4, 2, 1. நாற்பத்தாறு என்பது நாற்பதும் நான்கும் இரண்டும். ஆகவே நிலையம் அனுப்புவது 1, 0, 0, 0, 0, 1, 1, 0 என்னும் வரிசை. இதே முறையில் மணியும், ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும், ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும், கிழமையும் அடுத்தடுத்த நொடிகளில் வருகின்றன.

அலையில் இரைச்சல் கலந்தால் கடிகாரம் தவறாகப் படிக்கக்கூடும். அதனைத் தடுக்க ஒரு சரிபார்ப்புக் குறியும் உண்டு. நிமிட எண்ணில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அக்குறி ஒன்று, இரட்டைப்படையானால் சுழியம். நாற்பத்தாறில் மூன்று ஒன்றுகள் உள்ளன. எனவே சரிபார்ப்புக் குறி ஒன்று. ஓர் ஒன்று சுழியமாகத் திரிந்தால் கணக்கு ஒத்துவராது. கடிகாரம் பிழையை உணரும். ஆனால் நான்கு, இரண்டு ஆகிய இரு இடங்களும் ஒருசேரத் திரிந்துவிட்டால் எஞ்சுவது நாற்பதைக் குறிக்கும் ஒன்று மட்டுமே. அதுவும் ஒற்றைப்படைதான், கணக்கு ஒத்துவந்துவிடும். நாற்பத்தாறை நாற்பது என்று கடிகாரம் நம்பிவிடக்கூடும்.

ஆகவேதான் கடிகாரம் ஒரே நிமிடத்தின் செய்தியைக் கேட்டு முள்ளை நகர்த்துவதில்லை. அடுத்த நிமிடங்களின் செய்தியையும் கேட்டு, நாற்பத்தாறுக்குப் பின் நாற்பத்தேழு வருகிறதா என்று ஒப்பிடுகிறது. நேரம் பெறச் சில நிமிடங்கள் பிடிப்பதற்கும், அந்நேரத்தில் கடிகாரத்தை அசைக்காமல் சன்னலோரம் வைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். ஐயம் தீராவிட்டால் கடிகாரம் எதையும் மாற்றாமல் விட்டுவிடும். தவறான நேரத்தை ஏற்பதைவிடப் பழைய நேரத்தோடு ஓடுவதே மேல் என்பது இதனை அமைத்தோரின் தேர்வு. இத்தேர்வை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பின்னே நிகழ்ந்தவற்றை விளக்குவது இதுதான்.

இரவில் கேட்பதற்கும் காரணம் உண்டு. பகலில் சூரிய ஒளியால் அயனி மண்டலத்தின் கீழடுக்கு உருவாகி, தொலைவு செல்லும் அலையை உறிஞ்சுகிறது. இரவில் அவ்வடுக்கு மறைவதால் அலை மேலே பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்கிறது. வீட்டில் மின்கருவிகளின் இரைச்சலும் பின்னிரவில் தணிந்திருக்கும். பெரும்பாலான கடிகாரங்கள் நள்ளிரவுக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இடையே செவிசாய்ப்பது இதனால்தான்.

2011 மார்ச் 12

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்குக் கிழக்கு ஜப்பானில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலை ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைச் சீர்குலைத்தது. ஓதகடோயா நிலையம் அக்கரையோரத்திலிருந்து உள்ளே, தமுரா நகருக்கும் கவாவுச்சி கிராமத்திற்கும் எல்லையான மலைமுகட்டில் உள்ளது. ஆழிப்பேரலை எட்டாத உயரம் அது. நிலநடுக்கத்திற்குப் பிறகும் அதன் கோபுரம் நின்றது. அலை தொடர்ந்து பரவிற்று.

நிலையத்தை நிறுத்தியது நிலநடுக்கமன்று. அணுமின் நிலையத்திலிருந்து ஓதகடோயா ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மார்ச் 12ஆம் நாள் மாலை, 20 கிலோமீட்டர் வட்டத்திற்குள் உள்ள அனைவரும் வெளியேற வேண்டுமென அரசு ஆணையிட்டது. நிலையத்தின் பணியாளர்களும் அவ்வட்டத்திற்குள் அடங்கினர். அன்று மாலை 7.46 மணியளவில் அலையை நிறுத்திவிட்டு அவர்கள் மலையிறங்கினர். நாம் மேலே எழுதிக்காட்டிய நாற்பத்தாறு என்னும் எண் அம்மாலையின் நிமிட எண்.

அந்த இரவு ஜப்பானியக் கடிகாரங்கள் வழக்கம்போல் செவிசாய்த்தன. அவற்றுக்குக் கிடைத்தது இடத்துக்கு இடம் வேறுபட்டது. கியூஷு தீவில் ஃபுகுவோக்கா நகரில் உள்ள கடிகாரத்திற்கு எம்மாற்றமும் இல்லை. ஹகனே மலை அருகிலேயே உள்ளது. அது வழக்கம்போல் 60 கிலோஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தது. தோக்கியோவின் நிலை வேறு. ஓதகடோயா அந்நகருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருந்தது; ஹகனேயோ 900 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இரு அலைகளையும் கேட்கவல்ல கடிகாரம் சன்னலோரம் இருந்தால், 40 கிலோஹெர்ட்ஸில் எதுவும் கிடைக்காதபோது 60 கிலோஹெர்ட்ஸுக்கு மாறித் தப்பித்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டமிட்ட அடுக்குமாடியின் உள்ளறையில் இருந்தால் அவ்வாய்ப்பு மிகக் குறைவு. ஹகனே தொடங்கப்படுவதற்கு முன்னர் 40 கிலோஹெர்ட்ஸை மட்டும் கேட்கும்படி செய்யப்பட்ட பழைய கடிகாரத்திற்கு எந்த வாய்ப்பும் இல்லை.

வடக்கே ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரை இன்னும் நெருங்கிப் பார்ப்போம். அங்கிருந்து ஓதகடோயா 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹகனே 1,400 கிலோமீட்டருக்கு மேல். ஜப்பானிய அலைகளை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர்வரை நம்பலாம் என்பது கடிகார உற்பத்தியாளர்கள் கூறும் அளவு. சப்போரோவில் ஒருவரின் கடிகாரம் நாளொன்றுக்கு அரை நொடி முந்தும் இயல்புடையது என்றும், தொலைவிலுள்ள ஹகனேயின் அலையை அது பிடிக்கவில்லை என்றும் கொள்வோம். மார்ச் 12 அதிகாலையில் அது கடைசியாகத் திருத்தப்பட்டது. ஒரு வாரத்தில் மூன்றரை நொடி முந்திவிட்டது; அதை யாரும் கவனித்திருக்க முடியாது. மார்ச் மாத இறுதியில் பிழை பத்து நொடியை நெருங்கியது. ஏப்ரல் 21ஆம் நாள், நாற்பதாம் நாளில், இருபது நொடி. தொலைக்காட்சிச் செய்தியின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால்தான் அது தெரியவரும்.

இருபது நொடியால் எவருக்கும் பெருங்கேடு விளையாது. வீடிழந்தோரும் உறவிழந்தோரும் நிறைந்திருந்த அந்நாள்களில் இது பேசவும் தகாத சிறு குறை. ஆயினும் இச்சிறு குறை ஒரு செய்தியைச் சொல்கிறது. கடிகாரத்தின் முகப்பில் அந்நாற்பது நாள்களும் எவ்வித வேறுபாடும் தெரியவில்லை. சரியான நேரத்தைக் காட்டிய அதே முள் அதே உறுதியோடு பிழையான நேரத்தையும் காட்டிற்று. ஐயம் வந்தால் எதையும் மாற்றாதே என்ற விதியின்படியே அது நடந்தது. அலை கேட்கவில்லை என்ற உண்மை கடிகாரத்தின் நினைவகத்தில் இருந்தது. அதைக் கேட்டறிய உடையவர்தான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

ஏப்ரல் 21ஆம் நாள் பிற்பகல் ஓதகடோயாவின் அலை தற்காலிக ஏற்பாடாக மீண்டும் எழுந்தது. மறுநாள் அந்த 20 கிலோமீட்டர் வட்டம் அனுமதியின்றி எவரும் நுழையக்கூடாத எச்சரிக்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பணியாளர் வழக்கம்போல் தங்கி நடத்தும் நிலை உடனே திரும்பவில்லை. மலைமுகட்டில் 250 மீட்டர் கோபுரம் வைத்திருப்போருக்கு இடிமின்னல் எப்போதும் ஒரு சிக்கல்; அணுகுவதற்கு அரிய அந்நிலையத்தில் அது இன்னும் பெரிய சிக்கலாயிற்று.

ஈரிடங்களில் நிலையம் அமைத்ததன் பயன் இங்கே புலப்பட்டது. அதன் எல்லையும் புலப்பட்டது. ஒன்று நின்றால் மற்றொன்று நாட்டின் பெரும்பகுதியைத் தாங்கும். முழு நாட்டையும் தாங்காது.

செய்தி எட்டாத நம் ஊர்

ஜப்பானில் நாற்பது நாள்கள் நேர்ந்தது நம் ஊர்களில் நிலையாக உள்ள நிலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இத்தகைய நேர அலையைப் பரப்பும் நெட்டலை நிலையம் இல்லை. நமக்கு அண்மையில் உள்ளது சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஷாங்சியூ நகரில் 68.5 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நிலையம். சிங்கப்பூரிலிருந்து அது ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். ஹகனே ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். சீன அலைக்கு உற்பத்தியாளர்கள் கூறும் எல்லை 1,500 கிலோமீட்டர் அளவே.

ஆனால் அலைக்கடிகாரங்கள் நம் கடைகளில் விற்பனைக்கு உள்ளன. ஆறு நிலையங்களின் அலைகளையும் கேட்கவல்லது என்று முகப்பிலேயே பொறித்த கடிகாரங்களும் உண்டு. அப்பொறிப்பு பொய்யன்று, அந்த ஆறு நிலையங்களுள் ஒன்றும் நம்மை எட்டுவதில்லை என்பதே குறை. ஜப்பானில் இரண்டு, சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் ஒவ்வொன்று. ஆறும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே நெடுந்தொலைவில் உள்ளன. நம் நேர வலயம் சீனாவின் நேர வலயமே. ஆதலால் நம் நகரத்தைத் தேர்ந்துவைத்த சில கடிகாரங்கள் ஒவ்வோர் இரவும் வடக்கு நோக்கிச் செவிசாய்க்கின்றன. கேட்க ஒன்றுமில்லாமல், சிறிது மின்னாற்றலைச் செலவிட்டதோடு ஓய்கின்றன.

நம் கடிகாரம் செய்தி பெறுகிறதா என்பதை அறிவது எளிது. பெரும்பாலான கடிகாரங்களில் ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கடைசி முயற்சியின் முடிவு தெரியும். நொடிமுள் நகர்ந்து முகப்பின் ஓரத்தில் பொறித்த OK அல்லது NO என்ற எழுத்தைச் சுட்டும். சிலவற்றில் Y அல்லது N. எண் காட்டும் கடிகாரமாயின், கடைசியாகச் செய்தி பெற்ற நாளையும் நேரத்தையும் காட்டும். செய்தி கிடைக்கவில்லை என்று காட்டுமானால், அது எந்த வகைத் தோல்வி என்று பிரித்தறிய வேண்டும். வேறோர் அறையில், வடக்கு நோக்கிய சன்னலில் வைத்தபின் கிடைத்தால் தடை கட்டடத்தில் உள்ளது. ஊரில் எங்கு வைத்தாலும் கிடைக்காமல், தோக்கியோவுக்குப் பயணம் செல்லும்போது முதல் இரவிலேயே கிடைத்தால் தடை தொலைவில் உள்ளது. அங்கும் கிடைக்காவிட்டால் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம். ஊரிலேயே அதைப் பழுதென்று கொண்டு செல்வது வீண் செலவு.

ஒரு சிறு பிழையையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். நொடி சரியாக இருந்து மணி மட்டும் சரியாக ஒரு மணி நேரம் தவறினால், அது அலையின் குற்றமன்று. ஜப்பானிய நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. நகரத் தேர்வு தோக்கியோவில் நின்றிருக்கிறது என்பதே அதன் பொருள். அலை தருவது ஒரு நாட்டின் நேரத்தை; அதை நம் ஊர் நேரமாக்குவது கடிகாரத்தில் நாம் செய்துவைத்த தேர்வு.

அலை எட்டாத ஊர்களில் சிலர் கையாளும் ஓர் உத்தி மாணவர்களுக்குச் சுவை தரும். கைப்பேசியால் 40 கிலோஹெர்ட்ஸ் அலையை நேரே உண்டாக்க இயலாது. அதன் ஒலிச்சுற்று அவ்வளவு உயரம் எட்டுவதில்லை. ஆனால் தூய்மையற்ற எந்த ஒலியலையிலும் அதன் மும்மடங்கு அதிர்வெண்ணும் கலந்திருக்கும். நாற்பதை மூன்றால் வகுத்தால் 13.33. ஆகவே 13.33 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஜே.ஜே.ஒய் குறிமுறைப்படி ஏற்றியும் இறக்கியும் உரக்க இசைத்தால், அதன் மும்மடங்கு 40 கிலோஹெர்ட்ஸாகச் செவிபேசியின் கம்பியிலிருந்து மெல்லக் கசியும். கம்பியைக் கடிகாரத்தைச் சுற்றி வைத்தால், சில சென்டிமீட்டர் தொலைவுக்கு அக்கசிவே போதும். கடிகாரம் மலைமேல் உள்ள நிலையத்தைக் கேட்டதாகவே கொள்கிறது. கைப்பேசியின் நேரம் இணையத்தின் வழி வருவது. ஆகவே கடன் கொடுப்பவர் மாறுகிறார், கடன் மாறுவதில்லை.

2011ஆம் ஆண்டிலும் அதை அடுத்த ஆண்டிலும் சிட்டிசன், செய்கோ நிறுவனங்கள் செயற்கைக்கோளிலிருந்து நேரம் பெறும் கைக்கடிகாரங்களை வெளியிட்டன. இவை நம் ஊரிலும் இயங்குவன. நெட்டலைக் கோபுரம் தேவையில்லை. திறந்த வானம் தேவை. அடுக்குமாடி வீட்டின் நடுவறையில் இவையும் கேட்பதில்லை. கைப்பேசியோடு இணைந்து நேரம் பெறும் கடிகாரங்கள் அதற்குப் பின் பெருகின. அவற்றுக்கு வானமும் வேண்டா; இணைப்பு அறாமல் இருக்க வேண்டும்.

வழிகள் இவ்வாறு மாறினும் வகுப்பறையில் செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்றே. கடிகாரத்தின் தானியங்கு திருத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு நாள் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்க. முப்பது நாள் கழித்து மீண்டும் ஒப்பிடுக. கிடைக்கும் நொடிகளை முப்பதால் வகுத்தால், அக்கடிகாரம் தன்னந்தனியே ஓடும்போது நாளொன்றுக்கு எவ்வளவு பிழைபடும் என்பது தெரியும். மாணவர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் கிடைக்கும். சிலருடையது முந்தும், சிலருடையது பிந்தும். சப்போரோவில் அந்நாற்பது நாள்களில் ஒரு கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கும் என்பதை, அந்த எண்ணை நாற்பதால் பெருக்கி, அவர்கள் தம் மணிக்கட்டிலிருந்தே கணித்துவிடலாம்.